‘செல் நார்மல், வைரஸ் பாசிட்டிவ்’ என்று முடிவு வந்தால் என்ன பொருள்?

சேலத்தில் பல ஆண்டுகளாகப் பாப் ஸ்மியர் ஸ்லைடுகளையும் பயாப்சித் துண்டுகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனையில் எனக்கு மிகவும் கவலை தருவது மோசமான அறிக்கை அன்று. மோசமான அறிக்கை வந்தவரைக் குடும்பமே கையைப் பிடித்து அழைத்துவந்துவிடும். கவலை தருவது பாதி நல்லதாகவும் பாதி கெட்டதாகவும் வரும் அறிக்கைதான். ‘எச்பிவி பாசிட்டிவ்’ என்று ஒரு தாளிலும், ‘செல்களில் மாற்றம் இல்லை’ என்று இன்னொரு தாளிலும் இருக்கும்போது, சிலர் முதல் தாளை மட்டும் படித்துப் புற்றுநோய் வந்துவிட்டதாக அழுகிறார்கள். சிலர் இரண்டாவது தாளை மட்டும் படித்து ‘நார்மல்’ என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், பிறகு வருவதே இல்லை. இரண்டு தாள்களும் உண்மையைத்தான் சொல்கின்றன, ஆனால் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கர்ப்பப்பையின் கீழ்முனை குழாய்போல் குறுகி, யோனிக்குள் சிறிய மொட்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே கர்ப்பப்பை வாய். அந்த மொட்டின் வெளிப்புறத்தைத் தட்டையான செல்கள் பல அடுக்குகளாக, நம் தோலைப் போல மூடியிருக்கின்றன; உள்ளே செல்லும் குழாயை உயரமான செல்கள் ஒரே அடுக்காகப் போர்த்தியிருக்கின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் வளையத்தில், பூப்படைந்த வயதிலிருந்தே உயரமான செல்கள் இருந்த இடத்தைத் தட்டையான செல்கள் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டே வரும். இப்படி ஓயாமல் உருமாறும் இந்த வளையத்தில்தான் எச்பிவி என்னும் வைரஸ் எளிதில் காலூன்றுகிறது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை தொடங்குவதும் இங்கேதான். மாதவிடாய் நின்ற பிறகு இந்த வளையம் குழாய்க்குள் ஏறி மறைந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எச்பிவியில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் பதினான்கு அளவிலானவையே புற்றுநோய் அபாயம் உள்ளவையாகச் சோதனையில் தேடப்படுகின்றன. அந்தப் பதினான்கிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டுமே உலக அளவில் இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழு பங்குக்குக் காரணம். இந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காகத்தான் ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மானிய மருத்துவ அறிவியலாளருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுகிறது; திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்துபோயிருக்கும். வந்தது தெரியாது, போனதும் தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அடக்கிவிடும். எஞ்சும் ஒரு சிலருக்குத்தான் அது போகாமல் தங்கி, செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குச் சாதாரணமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். எச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளே போதும்.

ஆகவே எச்பிவி சோதனை கேட்கும் கேள்வி, ‘இன்று இந்த இடத்தில் அபாயமான வைரஸ் இருக்கிறதா?’ என்பது மட்டுமே. பிரஷ்ஷில் எடுத்த மாதிரியில் வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் இந்தச் சோதனைக்கு, அது நேற்று வந்ததா, பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறதா என்பது தெரியாது. பாப் ஸ்மியர் என்னும் செல் சோதனை கேட்பது வேறு: ‘அந்த வைரஸ் இதுவரை செல்களில் ஏதாவது சேதம் செய்திருக்கிறதா?’ என்பது. முதலாவது திருடன் ஊருக்குள் இருக்கிறானா என்று பார்ப்பது. இரண்டாவது எந்த வீட்டிலாவது பூட்டு உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது.

இரண்டுக்கும் ஒரே திறன் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மாற்றம் உள்ள பெண்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எச்பிவி சோதனையில் அகப்பட்டார்கள். ஒரே ஒரு பாப் ஸ்மியரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே அகப்பட்டார்கள். ஸ்லைடு பார்த்துப் பிழைப்பவள் இதை எழுதுவது சற்றுச் சங்கடம்தான். ஆனால் பிரஷ் அந்த வளையத்தின் சரியான மூலையைத் தொட வேண்டும், தொட்ட செல் ஸ்லைடில் ஒட்ட வேண்டும், ரத்தமும் சளியும் மறைக்காமல் இருக்க வேண்டும், பல்லாயிரம் செல்களுக்கு நடுவில் இருக்கும் நாலைந்து கெட்ட செல்கள் அன்று என் கண்ணில் பட வேண்டும். இவ்வளவும் ஒன்றுசேர்ந்தால்தான் பாப் ஸ்மியர் சரியாகச் சொல்லும்.

அப்படியானால் எச்பிவி சோதனை மட்டும் போதாதா? அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான சுமார் 1,31,000 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளியாயின. அங்கே ஒரே ஒரு முறை எச்பிவி சோதனை செய்து தொடர் சிகிச்சை அளித்த கிராமங்களில், எட்டு ஆண்டுகளில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. சோதனையில் நெகட்டிவ் வந்தவர்களில் ஒருவர்கூட அந்த எட்டு ஆண்டுகளில் இந்த நோயால் இறக்கவில்லை. நெகட்டிவ் முடிவு தரும் இந்த உறுதியால்தான், 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை எச்பிவி சோதனை செய்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. எச்ஐவி உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதிலிருந்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை.

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பாருங்கள். சோதித்த ஆயிரம் பேரில் நூறு பேர் அளவில் பாசிட்டிவ். சிகிச்சை தேவைப்படும் மாற்றம் இருந்ததோ ஆயிரத்துக்குப் பத்துப் பேர் அளவில்தான். எனவே பாசிட்டிவ் வந்த நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு, வைரஸ் இருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பத்துப் பேரை இந்த நூறிலிருந்து பிரித்தெடுப்பதற்குத்தான் இரண்டாவது சோதனை. அதற்குச் செல் சோதனையையும் பயன்படுத்தலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பழக்கத்தில் உள்ள, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையையும் பயன்படுத்தலாம். அந்த எளிய முறையும் வீண் அன்று. திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்களே அதைச் செய்த ஆய்வில் மரணங்கள் 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள்.

இனி ஒரு பெண்ணின் தாள்களை வரிசையாகப் பார்ப்போம். இவர் ஒரே ஆள் அல்லர். என் மேசைக்கு வந்த பலருடைய அறிக்கைகளைச் சேர்த்து நான் உருவாக்கிய ஒருவர். வயது 38, இரண்டு பிள்ளைகள், ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் வேலை. மார்ச் மாதம் துணை சுகாதார நிலையத்தில் சிஸ்டர் கொடுத்த பஞ்சுக்குச்சியைக் கொண்டு, திரைக்குப் பின்னால் தாமே மாதிரி எடுத்துக் கொடுத்தார். எச்பிவி சோதனைக்கு இப்படித் தானே எடுத்த மாதிரியும், முறையாகச் செய்தால், மருத்துவர் எடுத்ததற்கு ஏறத்தாழ இணையானது, வெட்கமும் தவிர்க்கப்படுகிறது. மாதிரியில் மனித செல்களே இல்லாவிட்டால், கூடவே ஓடும் கட்டுப்பாட்டுச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது முடிவு நெகட்டிவ் என்று வராது, ‘செல்லாது, மீண்டும் எடுக்கவும்’ என்று வரும்.

அவருக்கு வந்த முடிவு: ‘16, 18 நெகட்டிவ், மற்ற அபாய வகைகள் பாசிட்டிவ்’. இந்த வரியில் மிக முக்கியமான செய்தி முதல் பாதியில் இருக்கிறது. 16 அல்லது 18 பாசிட்டிவ் என்று இருந்திருந்தால், அவ்விரண்டையும் தனியாகக் காட்டும் சோதனைகளை வைத்து எழுதப்பட்ட பெரும்பாலான வழிமுறைகளின்படி, செல் சோதனை எப்படி வந்தாலும், கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு நேரே அனுப்பியிருப்பார்கள். 16 மற்ற வகைகளைவிட வேகமாகவும் பிடிவாதமாகவும் வேலை செய்யும்; 18 வளையத்துக்கு மேலே குழாய்க்குள் ஒளிந்து வளரக்கூடியது, அங்கே பிரஷ் எட்டுவது கடினம். ஆகவே 16, 18 விஷயத்தில் ‘செல் நார்மல்’ என்ற தாளை நம்பிக் காத்திருப்பதில்லை. மற்ற பன்னிரண்டு வகைகள் சற்று நிதானமானவை. அவற்றுக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்க நேரம் உண்டு.

தானே எடுத்த மாதிரியின் குறை இங்கேதான் தெரிகிறது. அது யோனிப் பகுதியிலிருந்து வருவது, வளையத்தைத் தொடுவதில்லை. அதனால் அதைக் கொண்டு செல் சோதனை செய்ய முடியாது. எனவே ஏப்ரலில் அவர் மீண்டும் வர வேண்டியிருந்தது. மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து, அதற்கு முந்தைய இரண்டு நாள்கள் உடலுறவையும் யோனிக்குள் வைக்கும் மருந்துகளையும் தவிர்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ஸ்பெகுலம் என்னும் கருவியால் வழியை விரித்து, பிரஷ்ஷால் வளையத்தைச் சுழற்றித் துடைத்து, பிரஷ்ஷின் தலையைத் திரவம் உள்ள சிறு குப்பிக்குள் போட்டார்கள். இரண்டு நிமிட வேலை. லேசான அசௌகரியம், அன்று ஒரு துளி ரத்தம் படலாம், அவ்வளவுதான்.

அந்தக் குப்பியிலிருந்து செய்த ஸ்லைடு மைக்ராஸ்கோப்பில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பாப்பனிகொலாவ் என்ற கிரேக்க மருத்துவர் வகுத்த சாய முறையில், முதிர்ந்த மேல்செல்கள் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகவும், அதற்குக் கீழடுக்குச் செல்கள் நீலப்பச்சையாகவும் தெரியும். நல்ல செல் ஒன்று, பொரித்த அப்பளம்போல் அகன்றிருக்கும். அதன் நடுவில் நியூக்ளியஸ் ஒரு மிளகளவு. வைரஸ் வேலை செய்யும் செல்லில் நியூக்ளியஸ் பெரிதாகிச் சுருங்கிய திராட்சைபோல் கறுத்திருக்கும், அதைச் சுற்றி வெட்டியெடுத்தாற்போல் ஒரு வெற்று வளையம் தெரியும். இது லேசான மாற்றம். கடுமையான மாற்றத்தில் செல்லே சிறுத்து, அப்பளம் முழுவதையும் நியூக்ளியஸ் அடைத்துக்கொண்டிருக்கும். அறிக்கையில் லேசானதை ‘எல்சில்’ என்றும் கடுமையானதை ‘ஹெச்சில்’ என்றும் குறிப்போம். இரண்டாவதைத் தமிழில் வேகமாகச் சொன்னால் எச்சில் என்று காதில் விழுந்து, வாயில் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொண்டவர்களும் உண்டு. லேசானதா, வெறும் அழற்சியா என்று தீர்மானிக்க முடியாத சந்தேகச் செல்களுக்கு ‘ஆஸ்கஸ்’ என்று பெயர். குழாயின் உள்செல்களில் மாற்றம் தெரிந்தால் அது தனி வகை. எண்ணிக்கையில் குறைவு என்றாலும், அதை ஒருபோதும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைப்பதில்லை.

நம்மவருடைய ஸ்லைடில் அப்படி ஒன்றும் இல்லை. அறிக்கை, ‘மாற்றம் இல்லை, மாதிரி போதுமானது’. போதுமானது என்ற சொல்லையும் படிக்க வேண்டும். ‘போதாது’ என்று இருந்தால் அது நார்மல் அன்று, இரண்டு முதல் நான்கு மாதங்களில் திரும்ப எடுக்க வேண்டிய ஸ்லைடு.

இப்போது அந்தக் குழப்பமான இடத்துக்கு வந்துவிட்டோம். வைரஸ் இருக்கிறது, சேதம் தெரியவில்லை. வைரஸுக்கென்று மாத்திரையோ ஊசியோ கிடையாது. தடுப்பூசி வராமல் காக்குமே தவிர, வந்த வைரஸை விரட்டாது. ஆகவே செய்ய வேண்டியது, வைரஸ் போகிறதா தங்குகிறதா என்று நாள் குறித்துப் பார்ப்பதுதான். அமெரிக்க வழிமுறை ஓராண்டு என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இரண்டு ஆண்டுகள் என்கிறது. என் விருப்பம் ஓராண்டு. இரண்டு ஆண்டுகளில் தோட்ட வேலைக்காரர்கள் லைன் வீட்டை மாற்றிவிடுகிறார்கள், போன் எண்ணும் மாறிவிடுகிறது.

அன்று சிஸ்டருக்கும் அவருக்கும் நடந்திருக்கக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்.

“நார்மல்னு போட்டிருக்குங்களே சிஸ்டர், அப்புறம் எதுக்குங்க மறுபடியும் வரணும்?”

“செல்லு நார்மல்தான் கண்ணு. கிருமி இன்னும் போகல. அடுத்த வருசம் அது போயிருச்சான்னு பாக்கணும். போயிருந்தா உன்னைக் கூப்பிடவே மாட்டேன்.”

“இது அவருகிட்ட இருந்து வந்ததுங்களா?”

“யாருகிட்ட இருந்து, எப்ப வந்ததுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. பத்து வருசத்துக்கு முன்னாடி வந்தது தூங்கிட்டு இருந்து இப்பத் தெரிஞ்சிருக்கலாம். இதை வச்சு வீட்ல சண்டை வேண்டாம்.”

சிஸ்டர் சொன்ன இந்தக் கடைசிப் பதில் சமாதானத்துக்காகச் சொன்னதன்று, அறிவியல்படியே சரியானது. எச்பிவி பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, பிறகு சோதனையில் தென்படக்கூடும். பாசிட்டிவ் என்ற சொல்லிலிருந்து யாருடைய நடத்தையையும் படிக்க முடியாது. ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான சோதனையும் இல்லை, எனவே கணவரை அழைத்துவந்து சோதிப்பதால் எதுவும் தெரியப்போவதில்லை.

அந்தச் சிஸ்டர் இன்னொன்றும் செய்தார். அட்டையில் அடுத்த தேதியை எழுதும்முன், காபிப் பழம் பறிக்கும் மாதங்கள் எவை என்று கேட்டுக்கொண்டார். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த மலையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்கு வர எவராலும் எளிதில் முடியாது. எனவே மார்ச் என்று எழுதினார். கணவரின் எண்ணோடு, அவருடைய அண்ணியின் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மார்ச்சில் இரண்டாவது எச்பிவி சோதனையும் பாசிட்டிவ். இம்முறை செல்களில் ‘எல்சில்’, அதாவது லேசான மாற்றம். இதில் செல்களின் மாற்றத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வைரஸ் ஓராண்டு கழித்தும் போகவில்லை என்பதே. தங்கிவிட்ட வைரஸ்தான் கடுமையான மாற்றத்துக்கு வழி. ஆகவே செல் சோதனை இம்முறையும் நார்மல் என்று வந்திருந்தாலும் அவர் கால்போஸ்கோப்பிக்கு அனுப்பப்பட்டிருப்பார். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: மறுசோதனைக்கு வந்தவருக்கு எச்பிவியைச் செய்யாமல், விலை குறைவு என்று பாப் ஸ்மியரை மட்டும் எடுத்து, நார்மல் என்று அனுப்பிவிடுவது. கேட்க வேண்டிய கேள்வி ‘வைரஸ் போய்விட்டதா’ என்பது. அதற்குப் பாப் ஸ்மியரால் விடை சொல்ல முடியாது.

கால்போஸ்கோப்பி என்பது அறுவைச் சிகிச்சை அன்று. உடலுக்கு வெளியே நிற்கும் ஒரு பெரிதாக்கிக் காட்டும் கருவியின் வழியாகக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது, அவ்வளவே. முதலில் ஐந்து விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்து ஒரு நிமிடம் காத்திருப்பார்கள்; அது நம் வீட்டு வினிகரில் இருக்கும் அமிலம்தான், சற்று எரியும். இயல்பான இடம் இளஞ்சிவப்பாகவே இருக்க, நியூக்ளியஸ் நெருங்கிய மாறிய இடம் வெளுத்துத் தெரியும். லேசான மாற்றம் மெல்லிய பனிபோல் வெளுத்துச் சீக்கிரம் மறையும். கடுமையான மாற்றம் சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்து, ஓரம் தெளிவாக, நெடுநேரம் நிற்கும். அதற்குள் சிறு ரத்தக் குழாய்கள் செம்புள்ளிகளாகவோ தளக்கல் பதித்ததுபோலவோ தெரிந்தால் சந்தேகம் கூடும். அடுத்து அயோடின் தடவுவார்கள். நல்ல இடம் அடர்பழுப்பாகும், மாறிய இடம் கடுகு மஞ்சளாகவே நிற்கும்.

நம்மவருக்குக் கடிகார முகத்தில் சொல்வதானால் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் ஒரு தடித்த வெண்பகுதியும், ஆறு மணியில் ஒரு மெல்லிய வெண்பகுதியும் இருந்தன. இரண்டிலிருந்தும் அரிசியளவு துண்டுகள் எடுத்தார்கள். ஒரே துண்டு எடுத்து நிறுத்துவது இந்தக் கட்டத்தின் பெரிய ஓட்டை. மிக மோசமாகத் தெரியும் இடம் எப்போதும் மிக மோசமான இடமாக இருப்பதில்லை, ஆகவே வெளுத்த இடம் ஒவ்வொன்றிலிருந்தும் எடுப்பது நல்லது.

பயாப்சி என் மேசைக்கு வந்தால், நான் பார்ப்பது கெட்ட செல்கள் அடியிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கின்றன என்பதை. மூன்றில் ஒரு பங்கு வரை ஏறியிருந்தால் அது ‘சின் 1’. மூன்றில் இரண்டு வரை ‘சின் 2’. அதற்கும் மேலே உச்சி வரை ஏறியிருந்தால் ‘சின் 3’. இவை மூன்றும் புற்றுநோய் அல்ல. அடுக்கின் அடியில் உள்ள மெல்லிய சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் புற்றுநோய். சின் 1 என்பது பெரும்பாலும் வைரஸின் வருகைப் பதிவு மட்டுமே. தானாகவே போய்விடும், ஓராண்டில் மீண்டும் பார்த்தால் போதும். சின் 2இல் பாதி அளவு இரண்டு ஆண்டுகளில் பின்வாங்கும் என்பதால், இன்னும் பிள்ளை பெற வேண்டிய இளம்பெண்ணாக இருந்தால் உன்னிப்பாகக் கவனித்துக் காத்திருக்கவும் இடமுண்டு. சின் 3 அப்படி விடக்கூடியதன்று. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனையில் முன்பு, முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துவந்த பெண்களின் பதிவேடுகளை பிற்பாடு ஆராய்ந்தபோது, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது புற்றுநோயாகியிருந்தது. அந்த அறிவுக்குக் கொடுத்த விலை மிகக் கொடியது. நாட்டையே உலுக்கிய விசாரணையும் அதன்பேரில் நடந்தது.

நம்மவருடைய ஆறு மணித் துண்டில் சின் 1. பன்னிரண்டு மணித் துண்டில் சின் 3. செல் சோதனை லேசான மாற்றம் என்றது, பயாப்சி கடுமையான மாற்றம் என்றது. இது முரண்பாடு அன்று. பிரஷ்ஷில் அன்று ஆறு மணிச் செல்கள் அதிகம் வந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, செல் சோதனையில் கடுமையான மாற்றம் தெரிந்து பயாப்சி ஒன்றுமில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்: அந்தக் கெட்ட செல்கள் எங்கிருந்தோ வந்திருக்கின்றன, அந்த இடத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை. அப்போது ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்ப்போம், குழாயின் உட்புறத்தைச் சுரண்டி எடுப்போம். மாதவிடாய் நின்றவர்களுக்கு வளையம் குழாய்க்குள் ஏறி மறைந்திருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அவர்களிடம்தான் இந்தச் சிக்கல் அதிகம் வரும்.

சிகிச்சைக்கு இரண்டு வழிகள். வெளுத்த பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, குழாய்க்குள் போகாமல், கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவாமல், புற்றுநோய்ச் சந்தேகமும் இல்லாமல் இருந்தால், சுமார் 100 டிகிரி வெப்பமுள்ள முனையை அரை நிமிட அளவு வைத்துச் சுட்டுவிடலாம். கிராமப்புற முகாமில்கூடச் செய்யக்கூடியது. ஆனால் சுட்டது சுட்டதுதான், மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் துண்டு மிஞ்சாது. நம்மவருடைய வெண்பகுதி குழாய்க்குள் சற்று நுழைந்திருந்ததால் இரண்டாவது வழியான ‘லீப்’ தேர்ந்தெடுக்கப்பட்டது: அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் வளையப் பகுதியைச் சீவியெடுப்பது. ஏப்ரல் கடைசியில் செய்தார்கள். அன்றே வீடு திரும்பினார். மூன்று நான்கு வாரங்கள் நீர்போலவும் பழுப்பாகவும் கசிவு இருக்கும். அதுவரை உடலுறவு கூடாது, அதிக ரத்தமோ காய்ச்சலோ வந்தால் உடனே வர வேண்டும். கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது. சின் 3க்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது முதல் சிகிச்சையாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘பிள்ளை பெற்றாகிவிட்டதே, எதற்கு’ என்ற பேச்சு நம் ஊரில் மிக எளிதாக வந்துவிடுகிறது.

சீவியெடுத்த துண்டு கட்டைவிரல் நுனியளவில் எங்களிடம் வந்தது. பன்னிரண்டு மணிப் பக்கம் எது என்று தெரிய ஒரு தையல் போட்டிருந்தார்கள். ஓரங்களில் மை தடவி, மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் பார்த்தோம். சின் 3 உறுதியானது, புற்றுநோய் எங்கும் இல்லை. வெளி ஓரம் சுத்தம். உள் ஓரத்தில் மட்டும் மையைத் தொட்டுக்கொண்டு மாறிய செல்கள் இருந்தன. ‘ஓரத்தில் நோய் உள்ளது’ என்ற வரியைப் படித்துக் குடும்பம் பதறிப்போனது. ஆனால் அதற்கு, மீதி நிச்சயம் உள்ளே இருக்கிறது என்று பொருள் இல்லை. அறுத்த இடத்தைச் சூடு கருக்கிவிடுகிறது, ஆறும்போது உடலும் மிச்சத்தைத் துடைக்கிறது. நோய் மிச்சம் இருக்கிறதா என்பதை ஓரத்தைவிட நன்றாகச் சொல்வது, ஆறு மாதங்கள் கழித்துச் செய்யும் எச்பிவி சோதனைதான்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆறு மாதம் என்றால் அக்டோபர் கடைசி, பழம் பறிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு. அந்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்தது. அதோடு விட்டுவிடுவதில்லை. ஒருமுறை சின் 3 வந்தவருக்குப் பிற்காலத்திலும் அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருப்பதால், அமெரிக்க வழிமுறைப்படி தொடர்ந்து மூன்று முறை நெகட்டிவ் வரும்வரை ஆண்டுக்கு ஒரு சோதனை, பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்று, அதுவும் குறைந்தது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு. இவருக்கு அது அறுபதைத் தாண்டியும் போகும். நடுவில் எப்போதாவது உடலுறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் வந்தாலோ, அட்டையில் உள்ள தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. போன மாதச் சோதனை நெகட்டிவாக இருந்தாலும் நேரே பார்க்க வேண்டும், ஏனெனில் வைரஸ் இல்லாமலே வரும் அரிய வகைப் புற்றுநோயும் உண்டு.

சிஸ்டர் அந்த அட்டையில் அடுத்த வரியாக, சென்ற முறை நெகட்டிவ் என்று எழுதி, அதன் பக்கத்தில் ‘லீப், சின் 3’ என்பதையும் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தார். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில் வேறொருவர் பார்த்தாலும், இவரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரும் சாதாரண வரிசையில் சேர்த்துவிடாமல் இருக்க அந்த இரண்டு சொற்கள் போதும். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்.